ஐந்து மணிக்கு வந்த பூஜ்யம்

ஓர் ஊரில் கண் மருத்துவமனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் நாற்பது பேர் வரை முன்பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். அன்றைக்கு வர வேண்டியவர்களின் பட்டியலை விடியற்காலை 5 மணிக்கு ஒரு மென்பொருள் தானாகவே எடுத்து வைக்கும். 7 மணிக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு, “இன்று உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்” என்று குறுஞ்செய்தி போகும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் அந்தத் துணை அவசியம்.

நன்றாக நடந்துகொண்டிருந்த இந்த வேலை ஒரு திங்கட்கிழமையிலிருந்து நின்றுபோகிறது. யாருக்கும் செய்தி போகவில்லை. ஆனால் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. 5 மணிக்குத் தொடங்கியது, தேடியது, ‘0 கிடைத்தது’ என்று எழுதியது, வெற்றிகரமாக முடித்துக்கொண்டது.

மென்பொருள் பழுதுகளில் கண்டுபிடிக்கக் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. திரையில் சிவப்பு எழுத்து வந்தால் அதை அப்படியே எழுதி அனுப்பலாம். ஒன்றும் வராதபோது எதை எழுதி அனுப்புவது? “மெசேஜ் போகவில்லை” என்ற ஒற்றை வரி டெவலப்பருக்கு ஏன் உதவாது, எதை எழுதினால் உதவும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மென்பொருள் எழுதத் தெரியாதவர்களும் இப்படி ஓர் அறிக்கையைத் தயாரிக்க முடியும். சொல்லப்போனால், அவர்களிடம் இருக்கும் சான்றுகள் சில டெவலப்பரிடம் இருப்பதே இல்லை.

நேரம் வைத்து ஓடும் வேலை

சர்வர்களில் ஆள் இல்லாமலே குறித்த நேரத்தில் ஓடும் வேலைகள் ஏராளம். வங்கியில் நள்ளிரவில் வட்டி கணக்கிடுவது, நூலகத்தில் தவணை கடந்த புத்தகங்களைத் தேடுவது, அலுவலகத்தில் இரவுதோறும் கோப்புகளை நகலெடுப்பது எல்லாம் இந்த வகை. லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் இவற்றை ஓட்டிவிடும் பழைய கருவியின் பெயர் கிரான். அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவு ஒரே வரிதான்:

```
0 5 * * * /opt/clinic/reminder.sh
```

முதலில் நிமிடம், அடுத்து மணி. பிறகு வரும் மூன்று நட்சத்திரக் குறிகளுக்கு எல்லாத் தேதியும், எல்லா மாதமும், எல்லாக் கிழமையும் என்று பொருள். ஆக, தினமும் 5.00 மணிக்கு இந்த வேலையைத் தொடங்கு என்பதே இந்த வரி.

ஒரு செய்தியை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கிவிடுவதோடு கிரானின் பொறுப்பு முடிந்தது. அந்த வேலை உருப்படியாக எதையாவது கண்டுபிடித்ததா என்பது அதற்குத் தெரியாது. வேலை முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அது 0 என்றால் சரியாக முடிந்தது, வேறு எண் என்றால் பிழை. நாற்பது பேரைக் கண்டுபிடித்தாலும் சரி, ஒருவரையும் கண்டுபிடிக்காவிட்டாலும் சரி, தடங்கலின்றி முடிந்தால் அந்த எண் 0தான்.

மூன்று விதமான ‘ஒன்றுமில்லை’

இரவுக் காவலர் காலையில் நோட்டில் “ஒன்றும் நடக்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போகிறார். உண்மையிலேயே ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம். அவர் சுற்றியே வராமல் இருந்திருக்கலாம். அல்லது அக்கறையாகச் சுற்றி வந்தது பக்கத்துத் தெருவாக இருந்திருக்கலாம். மூன்றுக்கும் நோட்டில் இருக்கும் வரி ஒன்றுதான்.

நேரம் வைத்து ஓடும் வேலை தரும் பூஜ்யமும் அப்படித்தான். வேலை ஓடவே இல்லை என்பது ஒன்று. ஓடியது, ஆனால் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை என்பது இரண்டாவது. சரியாகத் தேடியது, உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்பது மூன்றாவது. நம் மருத்துவமனைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆகவே ஞாயிறுதோறும் 0 வருவது நியாயமான பூஜ்யம். அப்படி வாரம் ஒருமுறை வந்துகொண்டே இருப்பதால்தான், பொய்யான பூஜ்யம் வரும்போதும் மென்பொருளுக்குச் சந்தேகம் எழுவதில்லை.

இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதே ஒரு நல்ல பிழை அறிக்கையின் முதல் வேலை.

இப்படிப் பிரித்துப் பார்க்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். நகல் இருக்கிறதே என்று தினசரி நகல்கள் சேரும் இடத்தைத் திறந்தால், அது காலி. நகலெடுக்கும் வேலை தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன. அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு ஒழுங்காக இல்லாததால் பெறும் பக்கத்தில் அவை நிராகரிக்கப்பட்டுவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த வேறொரு நகலிலிருந்து தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். அந்த நிறுவனமே இவ்வளவையும் விவரமாக எழுதி வெளியிட்டது.

கிட்லேப்பில் நகலெடுக்கும் வேலை பிழையென்று கத்தியது, கேட்கத்தான் ஆளில்லை. நம் மருத்துவமனையில் அந்தச் சத்தமும் இல்லை. அதனால் இங்கே மனிதர்கள் திரட்டும் சான்றை விட்டால் வேறு வழியில்லை.

முதல் புகாரும் அதன் கதியும்

செவ்வாய்க்கிழமை வரவேற்பு மேசையிலிருந்து டெவலப்பருக்குப் போன் போகிறது. “சார், ரெண்டு நாளா பேஷன்டுக்கு மெசேஜ் போகல. கொஞ்சம் அவசரமா பாருங்க.”

அவர் பகல் 11 மணிக்கு உட்கார்ந்து பார்க்கிறார். பட்டியலை எடுக்கும் கேள்வி இதுதான்:

```
SELECT count(*) FROM appointments
WHERE visit_date = CURRENT_DATE
  AND status = 'BOOKED';
```

முன்பதிவுப் பட்டியலில் வருகைத் தேதி இன்றைய தேதியாக இருந்து, இன்னும் மருத்துவரைப் பார்க்காமல் ‘பதிவு’ நிலையிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று இது கேட்கிறது. அவர் கையால் ஓட்டியபோது 26 என்று பதில் வருகிறது. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் கழிய, மீதி 26 பேர். சரியான எண்ணிக்கை.

“எனக்கு நல்லா வருதுங்க. மெசேஜ் அனுப்புற கம்பெனி பக்கம் ஏதாவது பிரச்சினையா இருக்கும்” என்று சொல்லிவிடுகிறார். புகார் மூடப்படுகிறது. மறுநாளும் 0.

இதில் டெவலப்பர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்து அவர் பார்க்கக்கூடியதைப் பார்த்தார். பழுது 5 மணிக்கு நடக்கிறது, அவர் பார்த்தது 11 மணிக்கு. அந்த ஆறு மணி நேர வித்தியாசத்தில்தான் பழுதே ஒளிந்திருக்கிறது என்பதை அந்தப் போன் உரையாடலில் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

இரண்டாவது அறிக்கை

சனிக்கிழமை, மருத்துவமனையின் அலுவலக மேலாளர் தாமே உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுகிறார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. பதிவேட்டைத் திறந்து நகலெடுக்க மட்டும் கணினிப் பிரிவுப் பையனின் உதவியைக் கேட்டுக்கொண்டார். அவர் எழுதியது இது:

*தலைப்பு:* 2025 மார்ச் 10 திங்கள் முதல் காலை 5 மணி நினைவூட்டல் வேலை ஓடுகிறது. ஆனால் அன்றைய முன்பதிவுகளைக் கண்டுபிடிப்பதில்லை.

*என்ன நடக்க வேண்டும்:* காலை 5 மணிக்கு அன்றைய முன்பதிவுகள் அனைத்தும் பட்டியலில் வர வேண்டும்.

*என்ன நடக்கிறது:* பதிவேட்டிலிருந்து இரண்டு நாள் வரிகளை அப்படியே நகலெடுத்திருக்கிறேன். நேரம் இந்திய நேரம்.

```
2025-03-08 05:00:01 start
2025-03-08 05:00:02 found 38
2025-03-08 05:00:02 done, exit 0

2025-03-12 05:00:01 start
2025-03-12 05:00:02 found 0
2025-03-12 05:00:02 done, exit 0
```

*பட்டியலில் ஆட்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்று:* தினமும் இரவு 8 மணிக்கு மறுநாள் முன்பதிவுகளை அச்சிட்டு வரவேற்பில் வைப்போம். 12ஆம் தேதிக்கான தாள் 11ஆம் தேதி இரவே அச்சானது. அதில் 36 பேர் இருக்கிறார்கள். வேலை கண்டுபிடித்தது 0.

*கடைசியாகச் சரியாக ஓடியது:* மார்ச் 8 சனி. 9ஆம் தேதி ஞாயிறு விடுமுறை, அன்று 0 வந்தது சரியே.

*இடையில் என்ன மாறியது:* 9ஆம் தேதி பகலில் டேட்டாபேஸ் நம் அலுவலகக் கணினியிலிருந்து கிளவுடுக்கு மாற்றப்பட்டது. வேறு மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

*ஒத்துப்போகாத ஒரு நாள்:* 14ஆம் தேதி வெள்ளி மட்டும் 0 வரவில்லை, 3 வந்தது. ஆனால் அன்று முன்பதிவு 39. செய்தி போன மூவரும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இல்லாதவர்கள். அவர்கள் முந்தின நாள் வியாழனன்றே வந்து சென்றவர்கள். வியாழன் மாலை மின்தடையால், கடைசியாக வந்த இந்த மூவரின் பதிவை ‘முடிந்தது’ என்று மாற்றாமலே மேசையை மூடிவிட்டோம்.

*பகலில் ஓட்டினால்:* செவ்வாய் 11 மணிக்கு நீங்கள் ஓட்டியபோது 26 வந்தது என்று சொன்னீர்கள். அது சரியான எண்தான்.

*என் ஊகம்:* கிளவுடுக்கு மாற்றியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். உறுதியாகத் தெரியாது.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அறிக்கை. இதில் ஒவ்வொரு பத்தியும் ஒரு கதவை மூடுகிறது அல்லது திறக்கிறது.

டெவலப்பர் அதை வாசிக்கும் விதம்

பதிவேட்டு வரிகள் முதல் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகின்றன. வேலை ஓடவே இல்லையோ என்று இனி தேட வேண்டியதில்லை. 5 மணி 1 வினாடிக்குத் தொடங்கி அடுத்த வினாடியில் முடிந்திருக்கிறது. செய்தி அனுப்பும் நிறுவனத்தின் மீதும் பழி போட முடியாது. அனுப்புவதற்குப் பட்டியலே உருவாகவில்லை என்பதை `found 0` சொல்லிவிடுகிறது.

முந்தின இரவு அச்சிட்ட தாள் அடுத்த சந்தேகத்தைத் தீர்க்கிறது. இது நியாயமான பூஜ்யம் இல்லை. அந்தத் தாளின் மதிப்பு இன்னொரு விஷயத்திலும் இருக்கிறது. அது பழுதான வேலையிலிருந்து வந்த எண் அல்ல. வேறு வழியில், வேறு நேரத்தில், பழுதுக்கு முன்பே எடுக்கப்பட்ட எண். சந்தேகத்துக்குரிய மென்பொருளிடமே கேட்டு வாங்கிய எண்ணை அதற்கு எதிரான சான்றாகக் காட்டினால் அது நிற்காது. தனி வழியில் வந்த கணக்குத்தான் நிற்கும்.

மிச்சமிருப்பது ஒன்றுதான்: வேலை தவறான இடத்தில் தேடுகிறது. எந்த விதத்தில் தவறு என்று கண்டுபிடிக்க அனுபவமுள்ள டெவலப்பர் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்.

முதலாவது, யார் பெயரில் ஓடுகிறது? நாம் கையால் ஓட்டும்போது நம்முடைய பயனர் பெயரில் ஓடும், கிரான் வேறொரு பயனர் பெயரில் ஓட்டும். சில டேட்டாபேஸ்களில் எந்தப் பயனர் எந்த வரிகளைப் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு வைக்க முடியும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்படி மறைக்கப்பட்ட வரிகளைக் கேட்டால் ‘அனுமதி இல்லை’ என்று பிழை வராது. வரிகளே இல்லாததுபோல் 0 வரும்.

இரண்டாவது, எந்த இடத்தில் தேடுகிறது? டேட்டாபேஸை மாற்றிய பிறகு வேலை மட்டும் பழைய டேட்டாபேஸையோ, சோதனைக்கு வைத்திருந்த காலி டேட்டாபேஸையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். கோப்புகளைத் தேடும் வேலையாக இருந்தால், முழு முகவரி தராமல் விட்டதால் வேறு கோப்புறையில் தேடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, எந்த நேரத்தில் ஓடுகிறது? 5 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் மாறக்கூடியது என்ன?

இங்கேதான் அந்த ‘ஒத்துப்போகாத நாள்’ கைகொடுக்கிறது. வெள்ளி காலையில் வந்த 3 பேரும் வியாழக்கிழமை ஆட்கள். அனுமதிச் சிக்கலாக இருந்தால் அவர்களும் மறைந்திருப்பார்கள். காலி டேட்டாபேஸாக இருந்தால் அவர்களும் இருந்திருக்க மாட்டார்கள். பழைய டேட்டாபேஸாக இருந்தாலும், மாற்றத்துக்குப் பிறகு நடந்த வியாழக்கிழமை மாலை நிலவரம் அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆக, வேலை சரியான டேட்டாபேஸில், சரியான அனுமதியோடுதான் தேடியிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வியாழக்கிழமையின் முன்பதிவுகளைத் தேடியிருக்கிறது.

மற்ற நாட்களில் ஏன் 0 வந்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. தினமும் அது முந்தின நாளைத்தான் தேடியது. முந்தின நாள் நோயாளிகள் எல்லோருடைய பதிவும் மாலையிலேயே ‘முடிந்தது’ என்றோ ‘வரவில்லை’ என்றோ மாறியிருக்கும். ‘பதிவு’ நிலையில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். வியாழன் மாலை மின்தடை வந்து மூன்று பதிவுகள் விட்டுப்போனதால்தான் பழுது ஒருமுறை தன்னைக் காட்டிக்கொண்டது.

அந்த மூவரில் ஒருவர் வெள்ளியன்று போன் செய்து, “நேத்துதானே வந்துட்டுப் போனேன், இன்னைக்கு எதுக்கும்மா வரச் சொல்றீங்க?” என்று கேட்டிருப்பார். பெரும்பாலான இடங்களில் வரவேற்பில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை மறந்துவிடுவார். முக்கியப் புகாரோடு தொடர்பில்லாத சில்லறைக் குழப்பமாக அது தோன்றும். மேலாளர் அதை அறிக்கையில் சேர்த்ததுதான் இந்த விசாரணையின் திருப்பம். பழுதின் பொதுவான போக்குக்கு ஒத்துப்போகாத ஒரு நாள் இருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

5.30 என்ற கோடு

வேலை ஏன் முந்தின நாளைத் தேடியது? கேள்வியில் இருந்த `CURRENT_DATE` என்ற சொல்லுக்கு ‘இன்றைய தேதி’ என்று பொருள். யாருடைய இன்றைய தேதி என்பதுதான் விவகாரம். அதை முடிவு செய்வது டேட்டாபேஸ் இணைப்பில் அமைந்திருக்கும் நேர மண்டலம். அலுவலகக் கணினியில் இருந்த பழைய டேட்டாபேஸ் இந்திய நேரத்தில் அமைக்கப்பட்டிருந்தது. கிளவுடில் உள்ள டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் வரும். மாற்றும்போது யாரும் அந்த அமைப்பைக் கவனிக்கவில்லை.

இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இலங்கைக்கும் இதே கணக்குத்தான். யுடிசியில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு விடியற்காலை 5.30. அதாவது, நமக்கு இரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை அந்த டேட்டாபேஸுக்கு இன்னும் நேற்றுத்தான். 5 மணிக்கு ஓடும் வேலை அந்த இடைவெளிக்குள் விழுகிறது. பகல் 11 மணியோ அதற்கு வெளியே இருக்கிறது. எனவே டெவலப்பர் பகலில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தாலும் சரியான விடையே வந்திருக்கும்.

ஆனாலும் இதுவரை இது நல்ல ஊகம் மட்டுமே. டேட்டாபேஸ் யுடிசியில் இருப்பதைக் கண்டதும் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று கிளம்பிவிடக் கூடாது. காரணம் அதுதானா என்று சோதிக்க எளிய வழி உண்டு: 5.30 என்ற கோட்டுக்கு முன்பும் பின்பும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். செய்தி எதுவும் அனுப்பாமல் எண்ணிக்கை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளிகளுக்கு வீண் குழப்பம். சோதனைக்கு நாளும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கட்கிழமை செய்தால், முந்தின நாள் ஞாயிறு என்பதால் எப்படியும் 0தான் வரும். அது நியாயமான பூஜ்யமாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் மிஞ்சும். செவ்வாய்தான் சரி.

செவ்வாய் காலை, எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்கிறார்:

```
SELECT now(), CURRENT_DATE,
       current_setting('TimeZone');
```

5.20க்குக் கேட்டபோது தேதி மார்ச் 17, நேர மண்டலம் யுடிசி, எண்ணிக்கை 0. 5.40க்குக் கேட்டபோது தேதி மார்ச் 18, எண்ணிக்கை 40. முந்தின இரவு அச்சிட்ட தாளிலும் 40. இருபது நிமிட இடைவெளியில் அதே பயனர், அதே டேட்டாபேஸ், அதே கேள்வி. மாறியது தேதி ஒன்றுதான். இனி ஊகத்துக்கு இடமில்லை.

எதைத் திருத்துவது

வேலையை 6 மணிக்குத் தள்ளிவைத்தால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும். அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் பழுது அங்கேயே இருக்கும். ஒரு வருடம் கழித்து வேறு யாராவது, “கூட்டம் அதிகமாயிடுச்சு, கொஞ்சம் முன்னாடியே பட்டியல் எடுக்கலாம்” என்று 4.30க்கு மாற்றினால் அன்றே திரும்பி வரும். எந்த ஊரின் ‘இன்று’ வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சொல்வதுதான் முறையான திருத்தம்:

```
WHERE visit_date =
  (now() AT TIME ZONE 'Asia/Kolkata')::date
```

இதற்குப் பிறகு டேட்டாபேஸ் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நேரத்தில் அமைந்திருந்தாலும் கவலையில்லை.

இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள் தேவை. பதிவேட்டில் வெறுமனே `found 0` என்று எழுதாமல், எந்தத் தேதிக்காகத் தேடியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ‘மார்ச் 12 காலை 5 மணி, மார்ச் 11க்காகத் தேடினேன், 0 கிடைத்தது’ என்று முதல் நாளே எழுதியிருந்தால் பழுது அந்த வரியிலேயே வெளிப்பட்டிருக்கும். அடுத்தது, ஞாயிறு, பண்டிகை விடுமுறை தவிர்த்த நாட்களில் 0 வந்தால் அதைப் பிழையாகவே கருதி மேலாளருக்குத் தகவல் போக வேண்டும். எந்த நாளில் எத்தனை எதிர்பார்க்கலாம் என்பது டெவலப்பருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவமனையில் இருப்பவர்கள்தான்.

அறிக்கை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பதிவேடுகள் நிலைத்து இருப்பவை அல்ல. பல சர்வர்களில் சில வாரங்களில் பழையவை தானாக அழிந்துவிடும். ஆகவே சந்தேகம் வந்த அன்றே, எதையும் மறுபடி ஓட்டுவதற்கும் சர்வரை மீண்டும் தொடங்குவதற்கும் முன்னால், பதிவேட்டை நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பழுதான நாளோடு நன்றாக ஓடிய ஒரு நாளின் வரிகளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிட எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புவது மேல். அதில் தேடலாம், அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

நேரத்தை எழுதும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் எழுத வேண்டும். ‘இந்திய நேரம்’ என்று மேலாளர் எழுதிய இரண்டு சொற்கள் அனாவசியமாகத் தோன்றலாம். சர்வரின் பதிவேடும் யுடிசியில் இருந்திருந்தால், அந்தச் சொற்கள் இல்லாமல் இரண்டு பேரும் வேறு வேறு ‘5 மணி’யைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நடந்ததையும் ஊகத்தையும் கலக்கக் கூடாது. ‘கிளவுடு சரியில்லை’ என்று அவர் தலைப்பில் எழுதியிருந்தால் டெவலப்பர் கிளவுடு நிறுவனத்தோடு பேசியே இரண்டு நாள் கழித்திருப்பார். ‘9ஆம் தேதி கிளவுடுக்கு மாற்றினோம், 10ஆம் தேதி முதல் பழுது’ என்பது நடந்தது. ‘அதுதான் காரணம்’ என்பது ஊகம். அறிக்கையில் இரண்டும் தனித்தனி இடத்தில் இருந்தன. புட்டி என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழை அறிக்கை எழுதுவது பற்றி 1999இல் எழுதிய கட்டுரையிலும் இந்தப் பாகுபாட்டைத்தான் வற்புறுத்துகிறார்.

கடைசியாக, நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், நோய் விவரம் எதுவும் அறிக்கையில் தேவையில்லை. கடவுச்சொல் ஒருபோதும் கூடாது. அந்த மூவரைக் குறிக்க மேலாளருக்குப் பெயர் தேவைப்படவில்லை. ‘வியாழனன்று வந்தவர்கள், பதிவு மூடப்படாதவர்கள்’ என்பதே போதுமானதாக இருந்தது.

உங்கள் அலுவலகத்திலும் ஆளில்லாமல் ஓடும் வேலை ஒன்று இருக்கும். அது ‘0’ என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள், வெறுமனே ‘வேலை செய்யவில்லை’ என்றும் எழுதாதீர்கள். எத்தனை வந்திருக்க வேண்டும் என்று வேறு வழியில் எண்ணிப் பாருங்கள். எந்த நாள் வரை சரியாக இருந்தது, அதற்குப் பின் என்ன மாறியது, எந்த நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது என்பதை நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். பட்டியலில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் டெவலப்பருக்கு அது தெரிய வேறு வழியே இல்லை.